கம்பனிகளின் பிறப்பிடமும் உறைவிடமும்

மனிதன் ஒருவன் ஓரூரிற் பிறந்து வேறோரூரில் வாழ்தல் எக்காலத்தும் உள்ளதே. அவன் பிறப்புப் பதிவு ஒரு நாட்டிலிருக்க, அவன் வீடும் தொழிலும் மற்றொரு நாட்டில் இருக்கலாம். கம்பனி எனப்படும் சட்டமுறை ஆளுக்கும் இத்தகைய வாழ்க்கை உண்டு. ஒரு நாட்டின் சட்டப்படி பதிவுபெற்ற கம்பனி, தன் தலைமை அலுவலகத்தையும் தன் தொழிலின் பெரும்பகுதியையும் பிறிதொரு நாட்டிலே வைத்திருத்தல் கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக உலக வணிகத்திற் பெருவழக்காயுள்ளது. இதனைச் சூழ்ச்சியென்று கருதுவாரும் உளர்; வெறுஞ் சட்ட நுட்பமென்று தள்ளிவிடுவாரும் உளர். இவ்வழக்கம் எவ்வாறு தோன்றியது, எக்காரணங்களால் நிலைத்தது, எவ்விடத்தில் எல்லை கண்டது என்பவற்றை வரலாற்று வழியாக நோக்கினால், அது இவ்விரண்டுள் ஒன்றாக மட்டும் அமைவதன்று என்பது புலப்படும்.

இலங்கையர்க்கு இது தொலைவான செய்தியன்று. மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களை உடையனவாயிருந்த கம்பனிகள் நெடுங்காலம் இரு வகையாகப் பிரித்துப் பேசப்பட்டன. பிரித்தானியாவிலே பதிவுபெற்று, பவுண் நாணயத்தில் மூலதனம் திரட்டியவை ஸ்டேர்லிங் கம்பனிகள். இலங்கையிலே பதிவுபெற்று, ரூபாவில் மூலதனம் திரட்டியவை ரூபாக் கம்பனிகள். இரண்டினுடைய தோட்டங்களும் அடுத்தடுத்த மலைகளிலேயே இருந்தன. கொழுந்து பறித்தோரும் ஒரே இனத்துத் தொழிலாளரே. ஆயினும், ஒன்றன் பணிப்பாளர் சபை இலண்டனிற் கூடியது. மற்றையதன் சபை கொழும்பிற் கூடியது. வேறுபாடு மண்ணில் இல்லை. பத்திரத்திலும் பணிப்பாளர் அமர்ந்த மேசையிலுமே இருந்தது. அவ்வேறுபாட்டின் பொருளை அறிதற்குக் கம்பனி என்பதன் இயல்பை முதலில் அறிதல் வேண்டும்.

சட்டத்தின் பிள்ளை

கம்பனிக்கு உடல் இல்லை. அது தன் பெயரிற் சொத்து வாங்கும், கடன் படும், வழக்காடும். ஆனால், அதனை அவ்வாறு செய்யவல்ல ஓர் ஆளாக ஆக்கியது ஒரு நாட்டின் சட்டமேயாகும். அச்சட்டம் இல்லாவிடில் அது பலர் கூடிச் செய்யும் கூட்டு வியாபாரமே. அவ்வியாபாரத்தின் கடனுக்கு ஒவ்வொருவனும் தன் சொத்து முழுவதையும் ஈடாக வைத்தவனாவான்.

இங்கிலாந்திலே 1844ஆம் ஆண்டின் சட்டம் பதிவுசெய்வதன் மூலம் கம்பனியைத் தோற்றுவிக்கும் முறையை ஏற்படுத்திற்று. 1855ஆம் ஆண்டின் சட்டம் பங்காளரின் பொறுப்பை அவர்கள் எடுத்த பங்கின் அளவோடு நிறுத்தியது. 1862ஆம் ஆண்டின் கம்பனிச் சட்டத்தின்படி எழுவர் ஓர் அமைப்புப் பத்திரத்திற் கையொப்பமிட்டுப் பதிவுசெய்தாற் போதுமானது; அரசரிடத்தோ பாராளுமன்றத்திடத்தோ தனிப்பட்ட அனுமதி வேண்டுவதில்லை. தொழிலை எந்நாட்டில் நடத்துவாரென்று அச்சட்டம் வினவவுமில்லை. இலங்கையிலும் 1861ஆம் ஆண்டிலேயே கூட்டுமூலதனக் கம்பனிகளுக்கான கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது.

பிரான்சில் நிலைமை வேறு. நெப்போலியன் காலத்து 1807ஆம் ஆண்டு வணிகச் சட்டத்தொகுதி, பங்காளரெல்லார்க்கும் பொறுப்பு வரையறையுள்ள கம்பனியை அமைத்தற்கு அரசாங்கத்தின் அனுமதி வேண்டுமென விதித்தது. அவ்வனுமதி பெறுதல் நீண்ட காலமும் பெரும் அலைச்சலும் கொண்டது. 1867ஆம் ஆண்டில் அவ்விதி நீக்கப்படுமுன்னர், பிரெஞ்சு வணிகர் சிலர் கால்வாயைக் கடந்து இலண்டனிலே தங்கள் கம்பனிகளைப் பதிவுசெய்து, பிரான்சிலே தொழில் நடத்தினர். தம் நாட்டிலே கிடைத்தற்கரிய சட்ட வடிவம் அயல்நாட்டில் எளிதிற் கிடைத்தமையே அவர்கள் அங்குச் சென்றதன் காரணமாகும். நம் பொருளின் முதற் காரணம் இதுவே: கம்பனி பிறக்கும் நாடு, அது எளிதாகவும் ஏற்றவாறும் பிறக்கக்கூடிய நாடாகத் தெரிந்துகொள்ளப்படும்.

ஆனால், ஒரு நாட்டிற் பிறந்த சட்டமுறை ஆளை மற்றொரு நாடு ஆளென ஏற்குமா? இது அக்காலத்தில் உண்மையான ஐயமாகவே இருந்தது. 1849ஆம் ஆண்டில் பெல்ஜிய நாட்டின் உயர் நீதிமன்றம் பிரெஞ்சுக் கம்பனிகளைத் தன் நாட்டில் ஆட்களாக ஏற்க மறுத்தது. எல்லையைத் தாண்டியதும் அவை வழக்காடும் உரிமையற்றனவாயின. இவ்விடர்ப்பாட்டைத் தீர்க்கவே 1857இல் பிரான்சு பெல்ஜியக் கம்பனிகளை ஏற்றுச் சட்டம் செய்தது. 1862இல் பிரான்சும் பிரித்தானியாவும் ஒன்றன் கம்பனிகளை மற்றையது ஏற்பதாக உடன்படிக்கை செய்துகொண்டன. ஒரு நாட்டின் பத்திரம் மறுநாட்டில் மதிக்கப்படும் என்ற உறுதி ஏற்பட்ட பின்னரே, பிறப்பிடத்தையும் தொழிலிடத்தையும் பிரித்து வைத்தல் அச்சமின்றிச் செய்யத்தக்க காரியமாயிற்று.

கிம்பர்லியும் இலண்டனும்

பிறப்பிடமும் தொழிலிடமுமேயன்றி மூன்றாவதாக ஓரிடமும் கம்பனிக்கு உண்டென்பதை உலகிற்குத் தெளிவாகக் காட்டியது டீ பியர்ஸ் வைரக் கம்பனியின் வரலாறாகும்.

தென்னாபிரிக்காவின் கிம்பர்லி நகரத்துச் சுரங்கங்களை ஒன்றுபடுத்த முயன்ற செசில் ரோட்ஸ், 1888ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டீ பியர்ஸ் ஒன்றிணைந்த சுரங்கக் கம்பனியைத் தோற்றுவித்தார். கிம்பர்லி அப்போது கேப் எனப்படும் நன்னம்பிக்கைமுனைக் குடியேற்றநாட்டைச் சேர்ந்தது. கம்பனியும் அந்நாட்டுச் சட்டப்படியே பதிவுபெற்றது. பிறப்பிடத்துச் சட்டம் வெறும் பெயரளவினதன்று என்பது அதன் தொடக்கத்திலேயே விளங்கிற்று. போட்டியாளராயிருந்த கிம்பர்லி சென்ட்றல் என்னும் கம்பனியை டீ பியர்சுடன் இணைக்க முயன்றபோது அதன் பங்காளர் சிலர் கேப் நீதிமன்றத்தை அடைந்தனர். தம் கம்பனி அதனையொத்த கம்பனியுடன் மட்டுமே இணையலாமென்றும், சுரங்கத் தொழிலோடு அமையாது எண்ணிறந்த அதிகாரங்களைத் தன் பத்திரத்திலே எழுதிக்கொண்ட டீ பியர்ஸ் அதனையொத்ததன்று என்றும் அவர்கள் வாதித்தனர். நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. அதன்மேல் ரோட்ஸ் இணைப்பைக் கைவிட்டு, சென்ட்றல் கம்பனியைக் கலைக்கச் செய்து, அதன் சொத்துக்களை 1889இல் 53,38,650 பவுணுக்கு ஒரே காசோலையால் விலைக்கு வாங்கினார்.

சுரங்கம் ஆபிரிக்காவிலே, பதிவு ஆபிரிக்காவிலே, தலைமை அலுவலகமெனப் பெயர்பெற்றதும் கிம்பர்லியிலே. பங்காளரின் பொதுக்கூட்டங்களும் அங்கேயே நடந்தன. எடுத்த வைரமும் தென்னாபிரிக்காவிலேயே வணிகர் கூட்டமைப்பொன்றிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும், பிரித்தானிய வருமானவரி அதிகாரிகள் இக்கம்பனி இங்கிலாந்திலே உறைவதென்றும், அதன் இலாபமனைத்தும் அங்கு வரிக்குரியதென்றும் கூறினர். வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்று 1906ஆம் ஆண்டில் முடிவுற்றது.

கம்பனியின் வாதம் எளிமையானது: வேற்று நாட்டுச் சட்டத்தாற் பிறந்து, அங்கேயே பதிவு அலுவலகமுடைய கம்பனி இங்கிலாந்தில் உறைதல் இயலாது என்பதே அது. லோர்ட் சான்சலராயிருந்த லோர்பேண் பிரபு இதனை ஏற்கவில்லை. கம்பனி உண்ணாது, உறங்காது. ஆயினும், மனிதனைப் போலவே அதற்கும் ஓர் இல்லமும் தொழிலும் உண்டு. ஆகவே, மனிதனின் உறைவிடத்தை ஆராய்வது போலவே அதன் உறைவிடத்தையும் ஆராய்தல் வேண்டும் என்பது அவர் கொண்ட கருத்து. அவ்வாராய்ச்சியின் முடிவில், கம்பனியை உண்மையாக ஆளும் நடுவண் முகாமையும் கட்டுப்பாடும் எங்குள்ளனவோ அங்கேயே கம்பனி உறைகின்றது என்று அவர் விதித்தார்.

அக்கட்டுப்பாடு எங்கே இருந்தது என்பதை அவர் கண்ட முறை கூர்ந்து நோக்கத்தக்கது. பணிப்பாளர் கூட்டங்கள் கிம்பர்லியிலும் இலண்டனிலும் நடந்தன. ஆனால், பணிப்பாளருள்ளும் ஆயுட்கால ஆளுநருள்ளும் பெரும்பாலார் இங்கிலாந்தில் வாழ்ந்தனர். வைர வணிகருடன் ஒப்பந்தம் பேசியது இலண்டன். வைரத்தை எவ்வாறு விற்பது, சுரங்கத்தை எவ்வாறு விரிப்பது, இலாபத்தை எவ்வாறு பயன்படுத்துவது, யாரைப் பணிப்பாளராக்குவது என்பவற்றைத் தீர்த்ததும் இலண்டன். சுரங்கத்துக் கூலி, அங்கு வேண்டும் பொருள்கள், கிம்பர்லிப் பணிப்பாளர் செலவிடத்தக்க வரையறுத்த ஒரு தொகை ஆகியவை நீங்கலாக மற்றெல்லாச் செலவும் இலண்டனிலிருந்தே கட்டுப்படுத்தப்பட்டது. பூமியைத் தோண்டும் கை கிம்பர்லியில் இருந்தது. பணப்பெட்டியின் திறவுகோல் இலண்டனில் இருந்தது. கம்பனி வழக்கிலே தோற்றது.

இலண்டன் ஏன் அவ்விடத்தைப் பெற்றது? சுரங்கங்களை வாங்குதற்கு வேண்டிய பெருநிதி ஐரோப்பாவிலிருந்தே வந்தது. இலண்டனிலிருந்த ரொத்சைல்ட் வங்கி ரோட்சுக்கு நிதியுதவி செய்தது. வைர வணிகத்தின் நடுவிடமும் இலண்டனே. பணம் தந்தவனும் பொருளை வாங்குபவனும் ஓரிடத்திலிருக்க, ஆராய்ந்து முடிவு செய்வோரும் அவ்விடத்தையே நாடுதல் இயல்பு. எனவே, கம்பனிக்கு மூன்று இடங்கள் உள என்பது பெறப்படும்: அதனைப் பிறப்பித்த சட்டத்தின் இடம், அதன் உழைப்பு நிகழும் இடம், அதன் அறிவு இயங்கும் இடம். ஒவ்வொன்றும் தனக்குரிய காரணத்தால் அமைகின்றது. மண்ணும் கனியமும் இருக்குமிடத்தை உழைப்பு விட்டகலாது. பணமும் சந்தையும் இருக்குமிடத்தை அறிவு நாடும். எளிதும் உறுதியும் உள்ள சட்டத்தைப் பிறப்பு நாடும். இம்மூன்றும் ஒரே நாட்டில் அமைய வேண்டுமென்னும் கட்டாயம் எதுவுமில்லை.

கெய்ரோவுக்குச் சென்ற கம்பனி

டீ பியர்ஸ் தீர்ப்பு ஒரு கதவைச் சாத்திற்று. அத்தீர்ப்பே மற்றொரு கதவைத் திறந்தும் விட்டது. வேற்று நாட்டிற் பிறந்த கம்பனி இங்கிலாந்தில் உறையக்கூடுமாயின், இங்கிலாந்திற் பிறந்த கம்பனி வேற்று நாட்டில் உறைதலும் கூடுமன்றோ?

எகிப்தின் நைல் வடிநிலத்திலே நிலம் வாங்கி விற்றற்காக 1904ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே ஒரு கம்பனி பதிவுபெற்றது. எகிப்திய டெல்ற்றா நில முதலீட்டுக் கம்பனி என்பது அதன் பெயரின் தமிழாக்கமாகும். முதலில் அதனை இலண்டனிலிருந்தே நடத்தினர். டீ பியர்ஸ் தீர்ப்புக்கு அடுத்த ஆண்டாகிய 1907இல் கம்பனியின் முகாமை முழுவதும் கெய்ரோவுக்கு மாற்றப்பட்டது. பணிப்பாளரும் செயலாளரும் அங்கு வாழ்ந்தனர். அவர்தம் கூட்டங்கள் அங்கு நடந்தன. கணக்கேடுகளும் அங்கேயே வைக்கப்பட்டன. இங்கிலாந்தில் எஞ்சியது சட்டம் கட்டாயப்படுத்திய பதிவு அலுவலகம் ஒன்றே. கட்டணம் பெற்றுக்கொண்டு, பங்காளர் பதிவேட்டைப் பேணுதல் முதலாய சட்டக் கடமைகளை ஆற்றிய ஒருவருடைய அலுவலகமே அவ்வாறு பயன்பட்டது.

இம்மாற்றத்தின் பயனை அறியச் சிறு கணக்கொன்று போதும். பிரித்தானிய வருமானவரி 1906இல் பவுணுக்கு ஒரு சிலிங்காயிருந்தது. ஒரு பவுண் இருபது சிலிங் ஆகும். முதல் உலகப் போரின் இறுதியில் அது ஆறு சிலிங்காயிற்று. 1928இல் நான்கு சிலிங்காயிருந்தது. வெளிநாட்டிலே ஆண்டொன்றுக்கு ஓரிலட்சம் பவுண் இலாபம் பெறும் கம்பனியொன்றை எடுத்துக்கொள்வோம். அது இங்கிலாந்தில் உறைவதாயின் 1906இல் 5,000 பவுணும், போரின் இறுதியில் 30,000 பவுணும், 1928இல் 20,000 பவுணும் வரியாகும். இங்கிலாந்தில் உறையாததாயின் அவ்வெளிநாட்டு இலாபத்திற்கு அங்கு வரியே இல்லை. வரி ஒரு சிலிங்காயிருந்த காலத்தில் பலர் பொருட்படுத்தாதிருந்த உறைவிடக் கேள்வி, ஆறு சிலிங்கான காலத்தில் கம்பனியின் உயிர்நிலைக் கேள்வியாயிற்று.

வரி அதிகாரிகளுடனான இவ்வழக்கும் பிரபுக்கள் சபை வரை சென்றது. இங்கிலாந்துச் சட்டத்தாற் பிறந்து, அங்கே பதிவு அலுவலகமும் கொண்டு, அச்சட்டம் விதித்த கடமைகளை அங்கே நிறைவேற்றும் கம்பனி அங்கே உறைவதாகவே கொள்ளல் வேண்டும் என்பது அவர் வாதம். 1928ஆம் ஆண்டில் சபை அதனை மறுத்தது. பிறப்பு ஒரு முறை நிகழ்வது. உறைதல் நாடோறும் நிகழ்வது. ஏட்டைப் பேணுதலும் பெயர்ப்பலகை தொங்கவிடுதலும் வாழ்தலாகா. கம்பனி உண்மையில் கெய்ரோவிலேயே வாழ்ந்தது. ஆதலின் இங்கிலாந்தில் உறையவில்லை என்று தீர்ப்பாயிற்று.

அங்ஙனமாயின் அக்கம்பனி எகிப்தியச் சட்டப்படி புதிதாய்ப் பிறந்துகொள்ளாது இங்கிலாந்துப் பிறப்பை ஏன் விடாது வைத்திருந்தது என்று ஒருவர் வினவலாம். பிறப்பை மாற்றுதல் உறைவிடத்தை மாற்றுதல் போன்றதன்று. இங்கிலாந்துச் சட்டத்திலே பிறந்த கம்பனி தன் பணிப்பாளரை எங்கும் அனுப்பலாம்; ஆனால், தன் பதிவை வேறொரு நாட்டிற்கு எடுத்துச் செல்ல அச்சட்டத்தில் வழியில்லை. பழைய கம்பனியைக் கலைத்து, கடன்களைத் தீர்த்து, சொத்துக்களைப் புதிய கம்பனியின் பெயருக்கு மாற்றியே அதனைச் செய்தல் கூடும். அன்றியும், பங்கு வாங்குவோர்க்கு அறிமுகமான சட்டமும் அவர்கள் நம்பும் நீதிமன்றமும் இங்கிலாந்தின் பத்திரத்தோடு சேர்ந்தே வந்தன. தன் பணம் எந்நாட்டு நிலத்திற் சென்று முடங்கினும், தன் உரிமையை எடுத்துரைக்கத் தனக்குத் தெரிந்த சட்டம் ஒன்று உண்டென்பது பங்காளனுக்கு ஆறுதலாகும்.

பத்திரமும் நடைமுறையும்

இத்தீர்ப்புகளைக் கண்டு, வெளிநாட்டிற் கூட்டம் கூட்டுவதாக எழுதிவைத்தாற் போதுமென எவரேனும் எண்ணியிருப்பின், அவ்வெண்ணத்தை 1959ஆம் ஆண்டின் தீர்ப்பொன்று அகற்றியது. இங்கிலாந்துக் கம்பனியொன்று கென்யாவிலே மூன்று துணைக் கம்பனிகளைப் பதிவுசெய்திருந்தது. அவற்றின் பணிப்பாளர் கூட்டங்கள் பிரித்தானியாவுக்கு வெளியே நடத்தல் வேண்டுமென்று அவற்றின் அகவிதிகள் கூறின. தொழில் நன்கு நடவாதபோது, 1950 அளவில் இலண்டனிலிருந்த தாய்க் கம்பனியின் சபை கட்டுப்பாட்டைத் தானே எடுத்துக்கொண்டது; கென்யாவிலிருந்த பணிப்பாளர் ஒதுங்கி நின்றனர். அகவிதிகளின்படி அவ்வாறு செய்தல் முறையன்று. ஆயினும், முறையாக நடந்ததா என்பதன்று கேள்வி, உண்மையில் ஆண்டவர் யார் என்பதே கேள்வி என்று பிரபுக்கள் சபை கூறி, அத்துணைக் கம்பனிகள் இங்கிலாந்தில் உறைந்தன என முடிவு செய்தது.

இதில் வியப்பான கூறு ஒன்று உண்டு. இவ்வழக்கில் இங்கிலாந்தில் உறைவதாகக் காட்ட முயன்றது கம்பனிக் குழுவே. மறுத்தவர் வரி அதிகாரிகள். துணைக் கம்பனிகளுக்குக் கொடுத்த உதவித்தொகையை வரிக்கணக்கிற் கழித்துக்கொள்ள அவை இங்கிலாந்தில் உறைவனவாயிருத்தல் வேண்டியிருந்தது. இலாபம் வரும்போது அகல விரும்பும் கம்பனி, நட்டம் வரும்போது அருகிருக்க விரும்புதல் இதனாற் புலனாகும். எனவே, ஒரு கம்பனி எங்குள்ளதென அறிய விரும்புவோன் அதன் கடிதத் தலைப்பை நோக்கிப் பயனில்லை. பெருஞ்செலவுக்கு ஒப்புதல் தந்தவர் யார், அவர் அப்போது எங்கிருந்தார், கூட்டக் குறிப்பில் உள்ளது உண்மையான ஆராய்ச்சியா அல்லது முன்னரே எடுத்த முடிவின் படியா என்பவற்றையே அவன் நோக்குதல் வேண்டும்.

நாடுகள் இட்ட வேலிகள்

கம்பனிகள் இவ்வாறு இடம்பெயர்வதை அரசுகள் வாளா பார்த்திருக்கவில்லை. பிரித்தானியா 1951ஆம் ஆண்டில், தன் நாட்டில் உறையும் கம்பனி திறைசேரியின் அனுமதியின்றி வெளியேறுதலைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. 1988ஆம் ஆண்டில் அவ்விதியை நீக்கி, வேறொரு வழியை மேற்கொண்டது: அந்நாட்டிலே பதிவுபெற்ற கம்பனி, ஆளப்படும் இடம் எதுவாயினும், வரிக்காக அங்கு உறைவதாகவே பொதுவாகக் கொள்ளப்படும் என்று சட்டம் செய்தது. எகிப்திய டெல்ற்றாக் கம்பனி கண்ட வழி இவ்வாறு அடைபட்டது. ஆனால், டீ பியர்ஸ் வழக்கின் விதி அழியவில்லை. வேற்று நாட்டிற் பிறந்து இங்கிலாந்தில் ஆளப்படும் கம்பனிக்கு அது தொடர்ந்து பொருந்திற்று.

ஐரோப்பியப் பெருநிலத்து நாடுகள் சில வேறொரு கொள்கையைப் பற்றியிருந்தன. கம்பனியின் உண்மையான இருக்கை எங்குள்ளதோ அந்நாட்டுச் சட்டமே அதனை ஆளல் வேண்டும். பிறப்பை ஓரிடத்தும் இருக்கையை வேறிடத்தும் வைத்தல் ஒவ்வாது என்பது அக்கொள்கை. செருமனி நெடுங்காலம் இதனைக் கைக்கொண்டது. வெளிநாட்டுப் பத்திரத்தைக் காட்டித் தன் நாட்டிலே தலைமை அலுவலகம் நடத்துவோர், தன் நாட்டில் கடன் கொடுத்தோரையும் தொழிலாளரையும் காக்கும் சட்டங்களிலிருந்து தப்பிவிடுவர் என்ற அச்சமே அதன் அடிப்படை.

அவ்வச்சம் வெறுங்கற்பனையன்று. டென்மார்க்கிற் சிறு கம்பனி அமைத்தற்கு 2,00,000 குரோனர் மூலதனம் வேண்டுமென விதியிருந்த காலத்தில், அந்நாட்டவர் இருவர் நூறு பவுண் மூலதனத்தோடு இங்கிலாந்திலே ஒரு கம்பனியைப் பதிவுசெய்தனர். இங்கிலாந்தில் அது எத்தொழிலும் செய்யவில்லை. பின்னர் அதன் கிளையெனத் டென்மார்க்கிலே பதிவு கேட்டனர், அதிகாரிகள் மறுத்தனர். ஐரோப்பிய நீதிமன்றம் 1999ஆம் ஆண்டில், ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு நாட்டிலே முறைப்படி பிறந்த கம்பனி மற்றோர் உறுப்பு நாட்டிலே கிளை அமைத்தலை அக்காரணத்தால் மறுக்கவொண்ணாது என்று கூறிற்று. மோசடியைத் தடுக்க வேறு நடவடிக்கை எடுக்கலாம். எளிதான சட்டத்தைத் தேர்ந்தமை மட்டும் மோசடியாகாது என்பது அதன் கருத்து. முன்னர்க் கால்வாயைக் கடந்த பிரெஞ்சு வணிகரின் செயலே நூற்றாண்டொன்று கழிந்த பின்னர் டேனியரால் மீளச் செய்யப்பட்டது. பிரித்தானியா 2020இல் அவ்வொன்றியத்தை விட்டு நீங்கியதால், இங்கிலாந்துப் பதிவுக்கு அத்தீர்ப்பளித்த காப்பும் பின்னர் நீங்கியது.

மலைநாட்டின் விடை

மீண்டும் இலங்கையின் ஸ்டேர்லிங் கம்பனிகளை நோக்குவோம். அவற்றின் பிறப்பும் அறிவும் பிரித்தானியாவில், உழைப்பு இலங்கையில். கொழும்பிலிருந்த முகாமை முகவர் நிலையங்கள் தோட்டத்துரைமாரை மேற்பார்த்து, பொருள்களை அனுப்பி, கணக்கைத் தொகுத்து இலண்டனுக்கு எழுதின. கிம்பர்லியின் பணிப்பாளரைப் போலவே அவையும் நாடோறும் நிகழும் காரியங்களை நடத்தின. பெரிய முடிவுகள் இலண்டனுக்குரியனவாயிருந்தன. அக்கம்பனிகள் இங்கிலாந்தில் உறைந்தமையால் அங்கு வரி செலுத்தின. 1932ஆம் ஆண்டில் இலங்கையில் வருமானவரி தொடங்கியபின், இங்கு ஈட்டிய இலாபத்திற்கு இங்கும் வரிக்குள்ளாயின. இரு நாட்டு வரியும் ஒரே இலாபத்தின்மேல் விழும் சுமையை நாடுகளிடையே செய்த ஒழுங்குகள் குறைத்தன.

ஆனால், வரியைக் காட்டிலும் ஆழமான கேள்வி நிலத்தைப் பற்றியது. 1972ஆம் ஆண்டின் காணிச் சீர்திருத்தச் சட்டம் தனியார் ஒருவர் வைத்திருக்கத்தக்க நிலத்திற்கு எல்லை விதித்தது: நெற்காணியாயின் 25 ஏக்கர், ஏனையவாயின் 50 ஏக்கர். பொதுக் கம்பனிகளின் தோட்டங்களை அது தொடவில்லை. 1975ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் அக்கம்பனிகளின் தோட்டங்களையும் அரசுடைமையாக்கியது. அப்போது ஸ்டேர்லிங் கம்பனியென்றும் ரூபாக் கம்பனியென்றும் வேறுபாடு கருதப்படவில்லை. இலண்டனில் இருந்த பத்திரம் நட்டஈடு கோருதற்குப் பயன்பட்டது. தோட்டத்தைக் காத்துக்கொள்ளப் பயன்படவில்லை.

இவ்விடத்திலேதான் நம் பொருளின் எல்லை தெளிவாகின்றது. கம்பனி பிறக்கும் நாட்டைத் தன் விருப்பப்படி தேர்ந்துகொள்ளலாம். அதனை ஆளும் அறிவைப் பணமும் சந்தையும் உள்ள நகரத்திலே வைத்துக்கொள்ளலாம். வேண்டுமாயின், ஓர் ஆண்டுக்குள் இலண்டனிலிருந்து கெய்ரோவுக்கும் மாற்றலாம். அதன் உழைப்பு நிகழும் மண்ணை மட்டும் அவ்வாறு பெயர்த்தெடுத்துச் செல்லல் இயலாது. அம்மண் எந்நாட்டு ஆட்சிக்கு உட்பட்டதோ அந்நாட்டின் சட்டமே அதன்மேல் இறுதிச் சொல்லைச் சொல்லும். ஆதலின், அயல்நாட்டுப் பதிவைக் கண்டவுடன் அதனைக் கபடமெனக் கொள்ளுதலும் பொருந்தாது; அப்பதிவு கம்பனியை எல்லாவற்றிலிருந்தும் காக்குமென நம்புதலும் பொருந்தாது. எந்த நாட்டின் சட்டம் அதற்கு உயிர் தந்தது, எந்த நகரத்திலிருந்து அது ஆளப்படுகின்றது, எந்த மண்ணில் அதன் உழைப்பு நடக்கின்றது என்னும் மூன்று வினாக்களையும் தனித்தனியே கேட்டு விடை காண்பவனே, அக்கம்பனி உண்மையில் யாருக்கு எதற்காகக் கடமைப்பட்டது என்பதை அறிய வல்லவனாவான்.